கடத்தாத பாளத்தின் முகத்தில் மின்னேற்றம் எப்படி வருகிறது? கொள்ளளவிக்குள் மின்னுழையம் வைக்கும் கணக்கை முதலிலிருந்து செய்து பார்க்கும் வழிகாட்டி

கல்லடியில் நான் நடத்தும் மாலை வகுப்பில் போன வருடம் ஒரு உயர்தர மாணவி கேட்ட கேள்வி இது: "சேர், பேர்ஸ்பெக்ஸ் கரண்டைக் கடத்தாதே. பிறகு அதுட முகத்தில மின்னேற்றம் எங்க இருந்து வந்த?"

கொள்ளளவிப் பாடத்தில் பலர் கேட்காமலே கடந்து போகிற கேள்வி. பாளம் வைத்ததும் கொள்ளளவம் C₀ அதன் மின்னுழைய மாறிலி κ மடங்காகும், C = κC₀ என்று மனப்பாடம் செய்தால் பாதிக் கணக்குகள் சரியாக வந்துவிடும். ஆனால் பாளம் இடைவெளியை முழுதாக நிரப்பாமல் மேலே கொஞ்சம் காற்று இருந்தால், அல்லது பற்றரியைக் கழற்றாமல் பாளத்தைச் செருகினால், அந்த ஒற்றைச் சூத்திரம் கைவிட்டுவிடும். ஆகவே பாளத்தின் முகங்களில் தோன்றும் கட்டுண்ட மின்னேற்றத்திலிருந்தே தொடங்கி, ஒரே ஒரு கொள்ளளவியை எடுத்து, கடைசி வரை கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலில் இரண்டு பன்பாய்

எங்கள் பக்கத்து வீடுகளில் பன்பாய் இல்லாத வீடு குறைவு. ஒரே அளவான இரண்டு பாய்களை எடுங்கள், ஒன்று சிவப்புச் சாயம் போட்டது, மற்றது பச்சை. ஒன்றின்மேல் ஒன்றை விளிம்புக்கு விளிம்பு பொருந்த விரியுங்கள். இப்போது மேல்பாயை மட்டும் ஒரு விரலளவு வலப்பக்கம் இழுங்கள். நடுவில் எங்கே கை வைத்தாலும் இரண்டு பாயும் இருக்கின்றன. வலது ஓரத்தில் ஒரு விரலகலத்துக்கு மேல்பாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. இடது ஓரத்தில் அதே அகலத்துக்குக் கீழ்ப்பாய் மட்டும் தெரிகிறது.

பேர்ஸ்பெக்ஸ் போன்ற கடத்தாத பொருளான மின்னுழையத்துக்குள் நடப்பதும் இதுதான். கருக்களின் நேர் மின்னேற்றம் ஒரு பாய், இலத்திரன்களின் மறை மின்னேற்றம் மற்றப் பாய். வெளியே மின்புலம் இல்லாதபோது இரண்டும் பொருந்திக் கிடக்கின்றன. புலம் வந்ததும் ஒன்றையொன்று சார்ந்து மிகச் சிறிதளவு வழுக்குகின்றன. உள்ளே எங்கும் நிகர மின்னேற்றம் இல்லை. இரண்டு முகங்களிலும் மட்டும் ஒரு மெல்லிய படை மிஞ்சுகிறது. ஒரு இலத்திரன்கூடத் தன் மூலக்கூற்றை விட்டுப் போகவில்லை. அதனால்தான் அதற்குக் கட்டுண்ட மின்னேற்றம் என்று பெயர். அந்த மாணவியின் கேள்விக்கான விடையும் அதுவே: மின்னேற்றம் எங்கிருந்தும் வரவில்லை, இருந்த இடத்திலேயே சற்று நகர்ந்தது.

ஒரு கன மீற்றரில் உள்ள நேர் மின்னேற்றத்தின் அளவு ρ, வழுக்கிய தூரம் δ என்று வையுங்கள். முகத்தின் ஒரு சதுர மீற்றரில் வெளியே நீட்டி நிற்கும் மின்னேற்றம் ρδ. இதே பெருக்கம்தான் ஒரு கன மீற்றரின் மொத்த இருமுனைத் திருப்பமும். அதையே முனைவாக்கம் P என்கிறோம். ஆகவே முகத்துக்குச் செங்குத்தாக P இருக்கும்போது, கட்டுண்ட மின்னேற்றத்தின் பரப்படர்த்தி நேரடியாக P தான்:

σ_b = P

P சாய்வாக இருந்தால் அதன் செங்குத்துக் கூறை மட்டும் எடுக்க வேண்டும். தட்டுக் கொள்ளளவியில் அந்தத் தொல்லை இல்லை.

குறிக்கு ஒரு எளிய வழி உண்டு. P இன் அம்புக்குறி எந்த முகத்தின் வழியாகப் பாளத்தை விட்டு வெளியேறுகிறதோ அந்த முகம் நேர், எதன் வழியாக நுழைகிறதோ அது மறை. P மின்புலத்தின் திசையிலேயே இருப்பதால், நேர்த் தட்டைப் பார்க்கும் முகத்தில் மறை மின்னேற்றமும் மறைத் தட்டைப் பார்க்கும் முகத்தில் நேர் மின்னேற்றமும் நிற்கும்.

நம் கொள்ளளவி

20 சென்ரிமீற்றர் சதுரமான இரண்டு அலுமினியத் தட்டுகள், இடைவெளி 3 மில்லிமீற்றர். அதற்குள் வைக்க 2 மில்லிமீற்றர் தடிப்பான பேர்ஸ்பெக்ஸ் பாளம். பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டாகவே இது கிடைக்கும். பேர்ஸ்பெக்சின் மின்னுழைய மாறிலி κ தாழ்ந்த அதிர்வெண்களில் 3 இலிருந்து 3.6 வரை சொல்லப்படுகிறது. கணக்குச் சுலபமாக 3 என்றே எடுப்போம். மின்முதலாக ஓட்டோ பற்றரி, 12 வோல்ற்று.

பாளம் இல்லாமல் முதலில். தட்டின் பரப்பளவு 0.04 சதுர மீற்றர், ε₀ = 8.85 × 10⁻¹² பரட்டு/மீற்றர்.

C₀ = ε₀A/d = 118 பிக்கோபரட்டு

தட்டிலுள்ள மின்னேற்றம் 118 ஐ 12 ஆல் பெருக்க 1.416 நனோகூலோம். பரப்பளவால் பிரித்தால் சதுர மீற்றருக்கு 35.4 நனோகூலோம். இது தட்டின்மேல் சுயாதீனமாக நிற்கும் மின்னேற்றம், σ_f. இடைவெளியில் மின்புலம் 12 வோல்ற்றை 3 மில்லிமீற்றரால் பிரிக்க, மீற்றருக்கு 4000 வோல்ற்று.

இப்போது பற்றரியைக் கழற்றிவிட்டுப் பாளத்தை உள்ளே வைக்கிறோம். கீழ்த்தட்டின்மேல் கிடத்தலாம், நடுவில் நிறுத்தலாம், விடை மாறாது. ஏன் மாறாது என்பது கொஞ்சத்தில் தெரியும்.

நாலு படைகளை வரையுங்கள்

கணக்கைத் தொடங்குமுன் தாளில் நாலு கோடுகள் போடச் சொல்வது என் வழக்கம்: நேர்த் தட்டில் +σ_f, பாளத்தின் அருகு முகத்தில் −σ_b, பாளத்தின் மறு முகத்தில் +σ_b, மறைத் தட்டில் −σ_f. இந்தப் படம் இல்லாமல் கணக்கைத் தொடங்குகிறவர்களே பெரும்பாலும் இடையில் தடுமாறுகிறார்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எது மாறாமல் இருக்கிறது என்பது. பற்றரியைக் கழற்றியாயிற்று. தட்டிலுள்ள மின்னேற்றத்துக்குப் போக வழியில்லை. எனவே σ_f அதே 35.4 தான்.

அடுத்தது காற்றுப் பகுதி. ஒரு முகம் தட்டின் உலோகத்துக்குள்ளும் மற்ற முகம் காற்றிலும் இருக்கும்படி ஒரு வில்லை வடிவ மூடிய பரப்பை எடுத்துக் கவுசின் தேற்றத்தைப் போடுங்கள். உள்ளே அகப்படுவது σ_f மட்டும். ஆகவே காற்றில் மின்புலம் இன்னும் 4000 தான், பாளம் வந்ததால் அங்கே எதுவும் மாறவில்லை. இதில் பலருக்குச் சந்தேகம் வரும். பாளத்தின் இரண்டு முகப் படைகளும் அளவில் சமன், குறியில் எதிர். பாளத்துக்கு வெளியே அவை இரண்டினதும் புலங்கள் ஒன்றையொன்று முழுதாக அழித்துவிடுகின்றன. அதனால்தான் பாளத்தை இடைவெளிக்குள் எந்த உயரத்தில் வைத்தாலும் விடை ஒன்று.

பிறகு பாளத்துக்குள். வில்லையின் கீழ் முகத்தைப் பாளத்துக்குள் இறக்குங்கள். இப்போது உள்ளே இருப்பது σ_f − σ_b.

ε₀E = σ_f − σ_b

இதில் E உம் தெரியாது, σ_b உம் தெரியாது. இன்னொரு தொடர்பு வேண்டும். பேர்ஸ்பெக்ஸ் போன்ற சாதாரணப் பொருளில், புலம் அளவுக்கு மீறாதவரை, முனைவாக்கம் புலத்துக்கு நேர்விகிதசமம்:

P = ε₀(κ − 1)E

இந்த E எந்த E என்பதில்தான் அதிகமானோர் வழுக்குகிறார்கள். அது பாளத்துக்குள் கடைசியாக மிஞ்சும் புலம், பாளம் வருமுன் இருந்த 4000 அல்ல. 4000 ஐப் போட்டால் என்ன வரும் என்று பாருங்கள்: P சதுர மீற்றருக்கு 70.8 நனோகூலோம் ஆகும். தட்டில் இருப்பதோ 35.4. கட்டுண்ட மின்னேற்றம் சுயாதீன மின்னேற்றத்தைப் போல இரண்டு மடங்கு, பாளத்துக்குள் புலம் தலைகீழ்! அப்படிப் புலம் திரும்பினால் முனைவாக்கமும் திரும்ப வேண்டும், எல்லாம் ஒன்றுக்கொன்று முரண். ஆகவே இத்தகைய கணக்கில் σ_b ஐ σ_f ஐ விடக் கூடுதலாகப் பெற்றால், தவறான புலத்தைப் போட்டிருக்கிறீர்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

சரியாகச் செய்தால், P ஐ மேலுள்ள சமன்பாட்டில் σ_b இன் இடத்தில் போட, ε₀κE = σ_f. பாளத்துக்குள் புலம் 4000 ஐ 3 ஆல் பிரிக்க, மீற்றருக்கு 1333 வோல்ற்று. அதை வைத்து P கணக்கிட்டால் சதுர மீற்றருக்கு 23.6 நனோகூலோம். σ_b உம் அதே. சுருக்கமாக எழுதினால்

σ_b = σ_f(1 − 1/κ)

35.4 இன் மூன்றில் இரண்டு 23.6, பொருந்துகிறது. ஒரு முகத்தில் மொத்தம் 0.944 நனோகூலோம்.

கடைசியாக அழுத்த வித்தியாசம். காற்றில் 1 மில்லிமீற்றருக்கு 4 வோல்ற்று, பாளத்தின் 2 மில்லிமீற்றருக்கு 2.67 வோல்ற்று, கூட்டினால் 6.67. மின்னேற்றம் 1.416 ஐ இதனால் பிரித்தால் கொள்ளளவம் 212 பிக்கோபரட்டு. C = κC₀ என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டவருக்கு 354 வந்திருக்கும்.

எவ்வளவு தூரம் வழுக்கியது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பேர்ஸ்பெக்சின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 1.18 கிராம். அதன் சங்கிலியில் திரும்பத் திரும்ப வரும் அலகு C₅H₈O₂, மூலர்த் திணிவு 100 கிராம். அந்த அலகில் 54 இலத்திரன்கள். கணக்கிட்டால் ஒரு கன மீற்றரில் ஏறக்குறைய 3.8 × 10²⁹ இலத்திரன்கள், மின்னேற்றமாகச் சொன்னால் 6.1 × 10¹⁰ கூலோம். வழுக்கல் முழுவதும் இலத்திரன்களால்தான் என்று வைத்து, 23.6 நனோகூலோமை இதனால் பிரித்தால் δ = 3.9 × 10⁻¹⁹ மீற்றர்.

ஒரு புரோத்தனின் விட்டம் சுமார் 1.7 × 10⁻¹⁵ மீற்றர். அதன் நாலாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் பச்சைப் பாய்க்கு மேல் சிவப்புப் பாய் நகர்ந்திருக்கிறது. இவ்வளவு சிறிய நகர்வு 12 வோல்ற்றை 6.67 ஆக இறக்கிவிடுகிறது. நகர்வது கொஞ்சம், நகரும் மின்னேற்றமோ கணக்கற்றது. உண்மையில் பேர்ஸ்பெக்சில் இலத்திரன் நகர்வோடு, ஏற்கெனவே முனைவுள்ள கூட்டங்கள் புலத்தின் பக்கம் சற்றுத் திரும்புவதும் சேர்ந்திருக்கிறது. ஒளிக்கு அதன் முறிவுச் சுட்டி 1.49, வர்க்கித்தால் 2.2. ஒளியின் வேகமான அலைவைப் பின்தொடரக்கூடியவை இலத்திரன்கள் மட்டுமே. 2.2 க்கும் 3 க்கும் இடையிலுள்ள வித்தியாசம் மெதுவாகத் திரும்புகிறவற்றின் பங்கு.

பற்றரி பூட்டியபடியே இருந்தால்

இப்போது மாறாதது 12 வோல்ற்று. மின்னேற்றம் மாறும். முந்திய கணக்கில் கிடைத்த 212.4 பிக்கோபரட்டு அப்படியே செல்லும், ஏனென்றால் அது வடிவத்தையும் பொருளையும் மட்டும் பொறுத்தது. 12 ஆல் பெருக்கினால் 2.55 நனோகூலோம். பாளம் நுழையும்போது பற்றரி மேலதிகமாக 1.13 நனோகூலோமைத் தட்டுக்குத் தள்ளியிருக்கிறது. σ_f இப்போது 63.7, σ_b அதன் மூன்றில் இரண்டு, 42.5.

காற்றில் மின்புலம் 7200. பாளத்துக்குள் 2400. சரிபார்க்க: 7.2 உம் 4.8 உம் சேர 12.

"பற்றரி பூட்டியிருந்தால் பாளத்துக்குள் புலம் மாறாது" என்று குறிப்புக் கொப்பிகளில் எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். பாளம் இடைவெளியை முழுதாக நிரப்பினால் மட்டுமே அது உண்மை. இங்கே பாளத்துக்குள் 4000 இலிருந்து 2400 ஆகக் குறைந்தது, காற்றிலோ 7200 ஆகக் கூடியது.

அந்தக் காற்று எண்ணைக் கவனியுங்கள். காற்று சாதாரணமாக மீற்றருக்குச் சுமார் 30 இலட்சம் வோல்ற்றில் உடைந்து பொறி விடும். ஒரு மில்லிமீற்றர் போன்ற சிறு இடைவெளியில் எல்லை சற்று உயர்ந்து சுமார் 45 இலட்சம் ஆகும். நம் கொள்ளளவிக்கு 8000 வோல்ற்று கொடுப்பதாகத் தாளில் மட்டும் வைத்துப் பாருங்கள். பாளம் இல்லாதபோது புலம் 27 இலட்சம், காற்று தாங்கும். நல்ல காவலியான பேர்ஸ்பெக்சைச் செருகியதும் காற்றில் 48 இலட்சம் ஆகிவிடுகிறது, காற்று உடைகிறது. உயர் அழுத்த வடங்களின் காவலிக்குள் தட்டையான சிறு காற்றுக் குமிழ் அகப்பட்டால் அங்கே பொறி விட்டுக் காவலியை உள்ளிருந்து அரிப்பதற்கும் இதுவே காரணம்.

மேசையில் சோதிக்கும்போது

பற்றரியைக் கழற்றிவிட்டுப் பல்மானியை வோல்ற்றில் வைத்து 12 ஆனது 6.67 ஆக இறங்குவதைப் பார்க்கலாம் என்று நாங்களும் முதலில் நினைத்தோம். திரையில் பூச்சியம்தான் தெரிந்தது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது: சாதாரணப் பல்மானியின் உள்தடை 10 மெகா ஓம், நம் கொள்ளளவம் 118 பிக்கோபரட்டு. இரண்டையும் பெருக்கினால் 1.2 மில்லிசெக்கன். கண் இமைக்குமுன் மின்னேற்றம் மானியின் வழியே போய்விடும். அதனால் கொள்ளளவம் அளக்கும் வசதியுள்ள பல்மானியையே பயன்படுத்துங்கள்.

தட்டுகளை ரெஜிபோம் துண்டின்மேல் வையுங்கள். நாலு மூலையிலும் 3 மில்லிமீற்றர் தடிப்பான, ஒரு சென்ரிமீற்றர் சதுரக் காவலித் துண்டுகள் இடைவெளியைத் தாங்கட்டும். பாளத்தின் மூலைகளிலும் அதே அளவை வெட்டிவிட்டால் அது இடிக்காமல் உள்ளே போகும். மானியின் கம்பிகளுக்கே சொந்தக் கொள்ளளவம் உண்டு. ஒரு கம்பியைக் கழற்றி, மற்றதற்கு அருகிலேயே பிடித்து, வாசிப்பை எழுதி, பிறகு ஒவ்வொரு அளவீட்டிலிருந்தும் கழியுங்கள். வெறும் கொள்ளளவி 118 ஐ விட ஏழெட்டுச் சதவீதம் கூடக் காட்டும். விளிம்பில் புலம் வெளியே வளைவதும் மூலைத் துண்டுகளும் சேர்ந்த விளைவு அது, உங்கள் பிழை அல்ல.

பாளம் வைத்ததும் 212 ஐ விட நன்றாகக் குறைவாக வந்தால் முதலில் மேல்தட்டைப் பாருங்கள். நடுவில் மேலே வளைந்திருந்தால் காற்றுப் படை தடித்துவிடும், காற்றுப் படைதான் விடையை அதிகம் ஆட்டுவது. கூடவாக வந்தால் தட்டு தொய்ந்திருக்கலாம், அல்லது உங்கள் பேர்ஸ்பெக்சின் κ 3 ஐ விடக் கூட.

வாசிப்பு நிலையில்லாமல் ஏறிக்கொண்டே போனால் அது ஈரம். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஊரில் இதைத் தவிர்க்க முடியாது. உப்புக்காற்று படிந்த பாளத்தின்மேல் மாரியில் ஈரம் சேர்ந்தால் அந்தப் படலம் கடத்தத் தொடங்கும். பாளத்தின் முகத்தில் இப்போது கட்டுண்ட மின்னேற்றம் மட்டுமல்ல, ஊர்ந்து வரும் சுயாதீன மின்னேற்றமும் இருக்கிறது. பாளத்தைக் கழுவித் துடைத்து நன்றாகக் காயவைத்து, ஓரத்தை மட்டும் பிடித்துச் செருகுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பிற்பகலில் செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

இன்னொன்று, பாளத்தை உரசிச் செருகினால் அல்லது துணியால் அழுத்தித் துடைத்த கையோடு செருகினால் உராய்வு மின்னேற்றம் ஏறிவிடும். அதைக் கட்டுண்ட மின்னேற்றம் என்று எண்ணிவிடக் கூடாது. வேறுபடுத்த ஒரு வழி: பாளத்தை வெளியே எடுத்துக் கடதாசித் துணுக்குகளுக்கு மேல் பிடியுங்கள். கட்டுண்ட மின்னேற்றம் புலத்தை விட்டு வெளியே வந்ததும் மறைந்துவிடும், துணுக்குகள் அசையா. அவை துள்ளி ஒட்டினால் உராய்வுதான்.

அந்த மாணவி பிறகு இன்னொன்றும் கேட்டாள்: புலத்துக்குள் இருக்கும்போதே பாளத்தை நடுவால் கிடையாக வெட்டி, மேல் துண்டை மட்டும் எடுத்தால் மறை மின்னேற்றத்தைத் தனியே கொண்டுபோகலாமா? முடியாது. வெட்டிய இடத்தில் உடனே இரண்டு புது முகங்கள், அவற்றிலும் ஒன்று நேர், மற்றது மறை. மேல் துண்டின் மேல்முகத்தில் −23.6, அதன் அடிமுகத்தில் +23.6, நிகரம் பூச்சியம். பாயை நடுவில் வெட்டினாலும் ஒவ்வொரு பாதியிலும் சிவப்பும் பச்சையும் சமனாகத்தானே இருக்கும். பேர்ஸ்பெக்சுக்குப் பதில் இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டி வைத்து, புலத்துக்குள்ளேயே பிரித்து எடுத்தால் நிலைமை வேறு. அங்கே இலத்திரன்கள் ஒரு தகட்டிலிருந்து மற்றதற்கு உண்மையாகவே ஓடியிருக்கும், ஒவ்வொரு தகடும் தன் 35.4 ஐக் கையோடு கொண்டுபோகும்.